கைப்பிடி உப்பும் தராசு உப்பும்

கேள்வி: ஐயா, சித்திரை கொடைக்கு எட்டயபுரம் சந்தையில் கிடா வாங்கி வெட்டினோம். விருந்து போக மிஞ்சிய ஐந்து கிலோ கறியை உப்புக்கண்டம் போட்டேன். ஐந்து கைப்பிடி கல் உப்பு, மஞ்சள் தூள் போட்டுப் பிசறி, நூலில் கோர்த்துக் காயவிட்டேன். இரண்டாம் நாளே மேலெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. மழை மேகமும் கூடியது, அதனால் இறக்கிப் பானையில் போட்டு வைத்தேன். பத்து நாளில் திறந்து பார்த்தால் நடுக்கறி கொழகொழவென்று நாற்றம். அதற்கு முந்தின வருஷம் பத்துக் கைப்பிடி போட்டேன், கெடவில்லை, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது. கறிக்கு உப்பு எவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி வட்டாரம்

பதில்: உண்டு சகோதரி. நீங்கள் உளுந்து விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலக்கிறீர்களே, அதே மாதிரியான கணக்குதான் இது. விதை இரண்டு கிலோ என்றால் எட்டு கிராம், ஏழரைக் கிலோ என்றால் முப்பது கிராம். கைப்பிடிக்கு அங்கே இடமில்லை. கறியிலும் அப்படித்தான். ஒரு சதவீதம் என்றால் கிலோவுக்கு 10 கிராம் உப்பு. ஒன்றரை சதவீதம் என்றால் 15 கிராம். நாலு சதவீதம் என்றால் 40 கிராம். துண்டு சிறிதோ பெரிதோ, எடையை இந்த எண்ணால் பெருக்கினால் போதும்.

ஆனால் எத்தனை சதவீதம் என்பது அந்தக் கறியை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்று இரவு புரட்டி வைத்து நாளைக்கு வறுக்கிற கறி வேறு, ஆறு மாதம் பானையில் கிடக்கிற உப்புக்கண்டம் வேறு. உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டாவது. என்றாலும் முதலாவதைச் சொல்லிவிட்டு வருகிறேன். அந்தக் கணக்கு கைக்குப் பழகினால் மற்றது எளிதாக விளங்கும்.

கறியை எண்ணெயில் சுருளச் சுருள வறுப்பதாகவோ, நாட்டுக்கோழியை மிளகு போட்டுப் பிரட்டுவதாகவோ இருந்தால், எலும்பு நீங்கிய எடையில் ஒன்றரை சதவீதம் உப்பு போதும். பெரும்பாலான நாக்குகளுக்கு அது சரியாக இருக்கும். உப்பு குறைவாகப் பழகிய வீடு என்றால் ஒன்றேகால் போடுங்கள். இரண்டைத் தாண்டினால் கரிக்கும். ஒரு கோழியை வைத்துப் பார்ப்போம். சுத்தம் செய்து வெட்டிய நாட்டுக்கோழி 1,100 கிராம் நிற்கிறது. அதில் கால் பங்கு எலும்பு என்று கழியுங்கள், 825 கிராம் மிஞ்சும். 825ஐ 15ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 12 கிராமும் கொஞ்சமும் வரும். 12 கிராம் போடுங்கள். முந்தின நாள் இரவே புரட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் சமைக்கும்போது கறிக்கென்று வேறு உப்புப் போடக் கூடாது. மசாலாப் பொடியில் உப்பு கலந்திருந்தால் அதையும் இந்த 12 கிராமுக்குள் கணக்கு வைக்க வேண்டும். குழம்பு வைத்தால் மட்டும் குழம்புத் தண்ணீருக்குத் தனியாக உப்பு. அதையும் கையைக் கட்டிக்கொண்டு போடுங்கள், ஏனென்றால் கறியில் இருக்கிற உப்பில் ஒரு பங்கு குழம்புக்குள் இறங்கும்.

முந்தின இரவே எதற்கு என்று கேட்பீர்கள். உப்புப் போட்ட கால் மணி நேரத்தில் கறி தண்ணீர் விடும். அதைப் பார்த்துவிட்டு "சாறெல்லாம் போகிறதே" என்று வடித்துக் கொட்டுகிறவர்கள் உண்டு. கொட்டவே கூடாது. அந்த நீரில்தான் நீங்கள் அளந்து போட்ட உப்பு கரைந்து நிற்கிறது. மேலும் சில மணி நேரம் விட்டால் நீர் திரும்பக் கறிக்குள் போய்விடும், மேல்புறம் ஈரம் வற்றி லேசாகப் பிசுபிசுக்கும். உப்பு உள்ளே இறங்கியதற்கு அதுதான் அடையாளம். இறங்கிய உப்பு தசையிலுள்ள புரதத்தைக் கொஞ்சம் இளக்கி நீரைப் பிடித்து வைக்கச் செய்யும். அதனால்தான் இப்படி வைத்த கறி அடுப்பில் ஏறும்போது குறைவாகச் சுருங்குகிறது. விரல் கனத் துண்டுக்கு ஓர் இரவு போதும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். ஆகவே முழுத் தொடையை ஓர் இரவில் ஊறவைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். வெட்டிப் போடுவதே மேல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒன்றரை சதவீத உப்பு ருசிக்கு மட்டும்தான், காப்பதற்கு அல்ல. நம் ஊர்ப் பங்குனி வெயிலில் இந்தக் கறியை இரவெல்லாம் அடுப்படியில் வைத்தால் உப்புப் போடாத கறி போலவே கெடும். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு புரட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இனி உப்புக்கண்டத்துக்கு வருவோம். உங்கள் கறி கெட்டதற்கு உப்புக் குறைவு காரணம் இல்லை என்பது என் கணிப்பு. ஒரு கைப்பிடி கல் உப்பு 40 கிராம் என்று வைத்தாலும் ஐந்து கைப்பிடி 200 கிராம். ஐந்து கிலோவில் எலும்பு, கொழுப்பு, சவ்வு போனால் மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் சதை தேறும். அப்படியென்றால் ஐந்து சதவீதத்துக்கு மேலேயே உப்பு விழுந்திருக்கிறது. அது தாராளம். குறை காய்ச்சலில்தான் இருக்கிறது.

கறியைக் காப்பது உப்பின் எடை மட்டும் அல்ல. கறிக்குள் மிஞ்சியிருக்கிற தண்ணீரில் அந்த உப்பு எவ்வளவு கெட்டியாகக் கரைந்திருக்கிறது என்பதுதான் காக்கிறது. நூறு கிராம் தண்ணீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கும், அதற்கு மேல் கரைக்காது. அந்த அளவுக்குக் கெட்டியான உப்புநீரில் கறியைக் கெடுக்கிற பாக்டீரியாக்கள் தலையெடுக்க முடியாது. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி நீர் வற்றி வற்றி உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூக்கிற நேரத்தில் அந்த நீர் எவ்வளவு கெட்டியோ, உங்கள் கறித்துண்டுக்குள் இருக்கிற நீரும் அவ்வளவு கெட்டியாக வேண்டும். பாத்தியில் நடப்பதையே கொடியில் தொங்கும் துண்டுக்குள்ளும் நடத்துகிறோம்.

ஒரு கிலோ கொழுப்பில்லாத ஆட்டுக்கறியை எடுத்துக்கொள்வோம். அதில் முக்கால் கிலோ தண்ணீர், கால் கிலோதான் கெட்டிப் பொருள். இதற்கு நாலு சதவீதம், அதாவது 40 கிராம் உப்புப் போடுகிறோம். காய்ந்து காய்ந்து எடை 600 கிராமுக்கு வரும்போது உள்ளே என்ன இருக்கும்? கெட்டிப் பொருள் 250, உப்பு 40, மீதி 310 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீர் 110 கிராம் உப்பைத் தாங்கும், இருப்பதோ 40. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக் கெட்டிதான். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் கெடும். இன்னும் காயவிட்டு 400 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது கெட்டிப் பொருள் 250, உப்பு 40, தண்ணீர் 110. அந்த 110 கிராம் தண்ணீர் தாங்கக்கூடிய உப்பு ஏறக்குறைய 40 கிராம். இப்போது கணக்கு நேராகிவிட்டது.

நாலு சதவீதம் போடுகிறவர்கள் இதை எளிதாக நினைவில் வைக்கலாம். போட்ட உப்பின் எடையைப் போலப் பத்து மடங்குக்குக் கறியின் எடை இறங்கும்வரை காயவிட வேண்டும். அதற்கும் கொஞ்சம் கீழே போனால் இன்னும் நல்லது.

உங்கள் ஐந்து கிலோவையே கணக்குப் போடுவோம். எலும்பையும் கொழுப்பையும் நீக்கி எடை போட்டதில் 3,650 கிராம் நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு சதவீதம் என்றால் 146 கிராம் உப்பு. கல் உப்பானால் அம்மியில் ஒரு நுணுக்கு நுணுக்கி, மஞ்சள் தூளோடு பிசறுங்கள். எல்லாத் துண்டிலும் பட வேண்டும். சுண்டுவிரல் கனத்துக்கு மேல் துண்டு இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இருந்தால் இரவு பிசறி வைத்து விடியற்காலையில் கோர்க்கலாம். இல்லாதவர்கள் விடியுமுன் பிசறி, இரண்டு மணி நேரத்தில் வெயிலில் போட்டுவிட வேண்டும். முதல் நாள்தான் ஈ முட்டை வைக்கும் நாள், கறி அன்றைக்குத்தான் ஈரமாக இருக்கும். கொசுவலை போட்டு மூடுங்கள். ஒரு துண்டோடு ஒரு துண்டு ஒட்டாமல் நூலில் இடைவெளி விடுங்கள். தகரக் கூரையில் பரப்புகிறவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் மேல்தோல் ஓடு மாதிரி இறுகிக்கொள்ளும், பிறகு உள் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் போகும். கொடியில் காற்றோட்டத்தோடு தொங்குவதே சரி. இரவில் இறக்கி வீட்டுக்குள் தொங்கவிடுங்கள், குவித்து வைக்காதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து மாலையில் எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பாருங்கள். 146ஐப் பத்தால் பெருக்கினால் 1,460. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே இறங்கிய அன்றைக்கு உங்கள் உப்புக்கண்டம் ஆயிற்று. சித்திரை வெயிலில் மூன்று நான்கு நாள், மேகமாக இருந்தால் கூடுதலாகும். தராசு சொல்வதை ஒரு முறை சரிபார்க்க வேண்டுமானால், இருப்பதிலேயே கனமான துண்டைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகம் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் ஈரச் சிவப்பும், அழுத்தினால் குழிவதும் இருந்தால் இன்னும் ஒரு நாள்.

நீங்கள் பார்த்த வெள்ளை பூத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பொய் சாட்சி. மேல்புறம் முதலில் காய்கிறது, அங்கே நீர் வற்றி உப்பு வெளியே தெரிகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டாம் நாள் பூத்துவிட்டது என்று இறக்கிப் பானையில் அடைத்ததும், நடுவில் இருந்த ஈரம் மெதுவாக மேலே பரவி எல்லாத் துண்டையும் இளக்கியிருக்கும். அதுதான் கொழகொழப்பு. மேகம் கூடிவிட்டால் இறக்கத்தான் வேண்டும், ஆனால் பானையில் அடைக்காமல் அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தால் கறி தப்பியிருக்கும். அப்படி மழை வரும் என்று தெரிந்தால் ஐந்து சதவீதம் உப்புப் போடுங்கள். அப்போது கிலோவுக்கு 440 கிராம் வரை இறங்கினால் போதும், காய்ச்சல் கொஞ்சம் குறையும். இதற்கு மேல் உப்பை ஏற்றிக்கொண்டே போனால் உங்கள் முந்தின வருஷக் கதைதான்.

உப்பின் ஈரத்தையும் பாருங்கள். திறந்த கலயத்தில் இருக்கிற கல் உப்பு மழைக்காலத்தில் நசநசத்துக் கிடக்கும். அப்போது நீங்கள் 146 கிராம் நிறுத்தால் அதில் கொஞ்சம் தண்ணீர்தான். ஒரு நாள் வெயிலில் காயவைத்து நிறுங்கள். கிராம் காட்டுகிற சின்னத் தராசு வீட்டில் இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. கடையில் 100 கிராம் உப்பு நிறுத்து வாங்கி, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கரண்டியால் தலை தட்டி எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணுங்கள். இருபது கரண்டி வந்தால் கரண்டிக்கு 5 கிராம். தூள் உப்புக்கும் கல் உப்புக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும், கல் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே கரண்டியில் எடை குறையும். ஒரு தடவை எண்ணி அடுப்படிச் சுவரில் எழுதி வைத்துவிட்டால் அந்தக் கரண்டி தொலைகிற வரைக்கும் கவலை இல்லை.

முடிந்த உப்புக்கண்டத்தைக் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் வையுங்கள். உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை இழுக்கத் தொடங்கும். சித்திரையில் மொறுமொறுவென்று இருந்தது ஐப்பசி, கார்த்திகையில் வியர்ப்பது அதனால்தான். அடைமழை மாதத்தில் ஜாடியை ஒரு முறை திறந்து பாருங்கள், வியர்த்திருந்தால் வெயில் கண்ட அன்று மறுபடி காயவைத்து மூடுங்கள்.

வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாலு சதவீதம் போட்ட கறி நாற்பது பங்காக வற்றியதும் உப்பு பத்து சதவீதமாகிறது. நூறு கிராம் உப்புக்கண்டத்தில் 10 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் 5 கிராமுக்கும் குறைவாக உப்புப் போதும் என்கிறது. அவருக்குத் தனியே எடுத்து வையுங்கள் என்றால் உப்புக்கண்டத்தில் அது நடக்காது. சமைக்கும் முன் நிறைய வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை நீரை மாற்றிக் கொட்டினால் பெரும்பகுதி இறங்கிவிடும். குழம்பில் உப்பே போட வேண்டாம். இவ்வளவு செய்தும் அவருக்கு ஒன்றிரண்டு துண்டுக்கு மேல் வைக்காதீர்கள். மருத்துவர் உப்பை அடியோடு குறைக்கச் சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம். மற்ற நாளில் ஒன்றேகால் சதவீதம் அளந்து போட்ட பச்சைக்கறிதான் அவருக்கு உகந்தது.

கேள்வி: எங்கள் கண்மாய் வற்றி மீன் அழித்தபோது பங்குக்கு எட்டுக் கிலோ ஜிலேபிக் கெண்டை வந்தது. கருவாடு போட நாலுக்கு ஒன்று உப்புப் போடச் சொல்கிறார்கள். கறிக்கு நாலு சதவீதம், மீனுக்கு இருபத்தைந்தா? வறுக்கிற மீனுக்கும் அவ்வளவா?
– ஒரு வாசகர், விளாத்திகுளம் பக்கம்

பதில்: நாலுக்கு ஒன்று சரிதான், முரண்பாடும் இல்லை. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு கிலோ மீனில் 780 கிராம் அளவுக்குத் தண்ணீர். அத்தனை தண்ணீரையும் உப்பால் நிரப்ப 280 கிராம் உப்பு வேண்டும். கிலோவுக்கு 250 கிராம் என்கிற நாலுக்கு ஒன்று ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. உப்புக்கண்டத்தில் உப்பைக் குறைத்துத் தண்ணீரை வெளியேற்றுகிறோம். கருவாட்டில் தண்ணீர் இருக்கும்போதே உப்பை நிரப்பிவிடுகிறோம், காய்ச்சல் பிறகு. மெல்லிய கறித்துண்டு சீக்கிரம் காயும். மீன் அப்படி இல்லை, தோலும் செதிலும் மூடியிருக்கும், குடல் இருந்த இடம் சீக்கிரம் அழுகத் தொடங்கும். வெயிலை நம்பிக் காத்திருக்க மீனுக்கு நேரம் கிடையாது.

எட்டுக் கிலோ என்பது குடல், செவுள் எடுத்த எடையா என்று பாருங்கள். எடுத்த பிறகு ஆறரைக் கிலோ நின்றால் உப்பு 1,625 கிராம். பெரிய மீனை முதுகுப் பக்கம் பிளந்து விரியுங்கள், வயிற்றுக்குள்ளும் செவுள் இடத்திலும் உப்பு அடைபட வேண்டும். மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ உப்பு, மீன், உப்பு என்று அடுக்கி மேலே கல் வையுங்கள். அலுமினியம் வேண்டாம், உப்பு அதை அரிக்கும். ஒரு நாளில் மீன் மூழ்கும் அளவுக்கு நீர் விடும். இந்த நீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இங்கே உப்பு வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது, மீன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் நாள் எடுத்து, அதே உப்புநீரில் அலசி வெயிலில் போடுங்கள். நல்ல தண்ணீரில் அலசினால் மேல்புற உப்பு போய் அங்கே பூஞ்சணம் வரும். கட்டை விரலால் சதைப்பற்றான இடத்தில் அழுத்திப் பாருங்கள், குழி விழாவிட்டால் காய்ந்தது.

ஒரு தடவை பயன்படுத்திய உப்பை மறுபடி மீனுக்குப் போடாதீர்கள். சில கருவாடு ஒரு மாதத்தில் செந்நிறமாக மாறிப் பிசுபிசுக்கும். உப்பை விரும்பி வாழ்கிற ஒரு நுண்ணுயிர் இனத்தின் வேலை அது. அது உப்பளத்து உப்பிலேயே இருந்து வருகிறது, பழைய உப்பில் பெருகியிருக்கும். அப்படிச் சிவந்த கருவாட்டைச் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

வறுக்கிற மீனுக்கு நாலுக்கு ஒன்று போட்டால் வாய் புண்ணாகிவிடும். தூத்துக்குடியிலிருந்து வருகிற சீலா துண்டு 640 கிராம் வாங்கினீர்கள் என்றால் ஒன்றேகால் சதவீதம், 8 கிராம் போதும். நடு எலும்பு மெல்லியது, கழிக்க வேண்டியதில்லை. மீன் சதை மென்மையானது என்பதால் அரை மணி நேரத்தில் உப்பு வேலை செய்துவிடும். உப்பு மட்டும் முதலில் புரட்டி வைத்து, விட்ட நீரைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு மசாலா தடவுங்கள். ஒற்றும்போது கொஞ்சம் உப்பும் போகும், அதற்காகத் திரும்பப் போட வேண்டாம். மீன் கல்லில் ஒட்டாமல் முறுகும்.

கேள்வி: நோயில் செத்த ஆட்டை வீணாக்காமல் உப்புக்கண்டம் போடலாமா? உப்பு எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், கயத்தாறு

பதில்: போடக் கூடாது. உப்பு பெரும்பாலான கிருமிகளை வளர விடாமல் தடுக்கிறது, கொல்வதில்லை. அடைப்பான் நோயில் செத்த ஆட்டின் கிருமி வித்தாக மாறி உப்பிலும் வெயிலிலும் உயிரோடு கிடக்கும். அதை அறுக்கிறவருக்கும் கையில் கொப்புளம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆடு திடீரென்று செத்து மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் தெரிந்தால் கத்தியே வைக்காதீர்கள், தோலையும் உரிக்காதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிற முறையில் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நாயும் நரியும் தோண்டாதபடி மேலே முள் போட்டு வையுங்கள்.